பக்கத்து பெர்த்துக்காரர் எவ்வளவு கொடுத்தார்?

காந்திபுரம் ஆம்னி பஸ் ஸ்டாண்டில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, பத்து மணி சென்னை வண்டி. ஏறுகிறவர்களின் பெயரை டிக் அடித்துக்கொண்டு நின்றேன். கொடுமுடிப் பக்கத்து அம்மா ஒருத்தர் மகள் வீட்டுக்குப் போகிறவர். பத்து நாளைக்கு முன்பே மகன் டிக்கெட் போட்டுக் கொடுத்திருந்தான். எதிர் பெர்த்தில் காலேஜ் பையன் பையைப் போட்டுவிட்டு போனில் சொல்லிக்கொண்டிருந்தான்: "நாப்பது நிமிசம் முன்னாடிதான்டா போட்டேன், நானூத்தித் தொண்ணூத்தொம்பது."

அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "ஏனுங் தம்பி, நாங்க ஆயிரம் குடுத்தமுங்க. முன்னாடியே போட்டது எங்க தப்புங்களா?"

என்னிடம் பதில் இல்லை. அந்த 499-ஐ ஆறரை மணிக்கு கம்ப்யூட்டரில் தட்டியது நான்தான்.

கொங்குப் பக்கத்தில் இரண்டு மூன்று சின்ன ஆம்னி பஸ் முதலாளிகளுக்குக் கட்டணம் போடுவது என் வேலை. ஆம்னி பஸ்ஸுக்கு அரசு கட்டணம் நிர்ணயிப்பதில்லை. சட்டப்படி அது ஒப்பந்த ஊர்தி, விலை முதலாளி கையில். அதனால்தான் தீபாவளி, பொங்கல் வந்தால் கூடுதல் கட்டணம் என்று செய்தி வருகிறது. ஆனால் எங்களுக்கு அன்றாடத் தலைவலி பண்டிகை நாளில்லை, செவ்வாயும் புதனும். வெள்ளி, ஞாயிறு வண்டி தானாக நிறையும். முகூர்த்தம் இல்லாத வாரநாளில் 36 பெர்த்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டினாலே பெரிய விஷயம்.

அன்றைக்கு மாலை ஆறு மணிக்கு 21 பெர்த் விற்றிருந்தது. சராசரி ரூ.1,000. மீதி 15 காலி. முதலாளி அண்ணன் சொன்னார்: "டீசல் எப்படியும் ஊத்தியாச்சு, டோலும் போயாச்சு. காலி பெர்த்து மெட்ராஸ் போயி என்ன பண்ணப் போகுது? ஐநூறுக்குக் குடுத்துத் தொலை."

ஒரு ராத்திரியை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. கூடுதலாக ஒரு ஆளை ஏற்ற எங்களுக்கு ஆகிற செலவு போர்வை சலவையும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து சுமார் 45 ரூபாய், அதோடு ஆன்லைன் கமிஷன் 12 சதவீதம். ஜிஎஸ்டி பயணியிடம் தனியாக வாங்குவதால் அதை இங்கே சேர்க்கவில்லை. அன்று 8 பெர்த் போனது. 3,992 ரூபாயில் கமிஷனும் செலவும் போக 3,153 கையில் நின்றது. அண்ணனுக்கு சந்தோஷம். அடுத்த செவ்வாயும் அதே நேரத்துக்கு அதே விலை. ஐந்து வாரம் அப்படியே ஓடியது.

ஆறாவது வாரம் கணக்கை விரித்துப் பார்த்தோம். ஆறு மணிக்கு 21 விற்றிருந்த இடத்தில் 15 தான். வண்டியில் ஆள் குறையவில்லை. முன்பு ஆயிரம் கொடுத்த ஆறு பேர் இப்போது ஆறரை மணிக்காகக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். கமிஷன் போக, அப்படி ஒருத்தர் நகர்ந்தால் எங்களுக்கு 441 ரூபாய் போகிறது. ஆறு பேருக்கு 2,645. ஆக அந்த 3,153-ல் மிஞ்சியது ஐநூறு ரூபாய் சொச்சம். ஏழு பேர் வரை தாங்கும். எட்டாவது ஆள் காத்திருக்கப் பழகிவிட்டால், தள்ளுபடியே கொடுக்காமல் காலியாக ஓட்டியிருந்தாலும் அதைவிட நன்றாக இருந்திருக்கும்.

இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய மென்பொருள் வேண்டாம். பயணிப் பட்டியலை எடுத்து, கடைசி நேர விலையில் வாங்கியவர்களின் செல் நம்பர்கள் முந்தின இரண்டு மாதத்தில் முழு விலையில் வாங்கியவர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். புது நம்பர்கள் என்றால் நல்லது, உண்மையிலேயே காலி பெர்த் விற்கிறது. பழைய நம்பர்களே திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் வாடிக்கையாளருக்கு நீங்களே காத்திருக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள்.

எங்கள் பட்டியலில் இன்னொன்றும் கிடைத்தது. காலையில் கேன்சல் ஆன நம்பரே சாயங்காலம் 499-க்கு வந்திருந்தது. எங்கள் கேன்சல் அட்டவணை இப்படி: கிளம்ப 24 மணி நேரம் இருக்கும் வரை 10 சதவீதப் பிடித்தம், பிறகு 12 மணி நேரம் வரை 25, அதன் பிறகு 4 மணி நேரம் வரை 50, அப்புறம் எதுவும் திரும்பாது. காலை ஒன்பதுக்கு கேன்சல் செய்தவருக்கு 750 ரூபாய் திரும்பும். சாயங்காலம் 499-க்கு வாங்குகிறார். மொத்தச் செலவு 749. கெட்டிக்காரர் 251 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார். விவரம் தெரியாத கொடுமுடி அம்மா ஆயிரத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

இதைப் பார்த்த பிறகுதான் அடிவிலையை எங்கே வைப்பது என்று எனக்குப் பிடிபட்டது. எல்லா முதலாளிகளும் அதை டீசலிலும் போர்வையிலும் தேடுகிறார்கள். அந்தக் கணக்குப்படி நூறு ரூபாய்க்கு மேல் எந்த விலையும் லாபம்தான், அதனால் விலை விழுந்துகொண்டே போகும். நான் கேன்சல் அட்டவணையில் தேடுகிறேன். பயண நாள் காலையில் பிடித்தம் 25 சதவீதம் என்றால், சாயங்காலத் தள்ளுபடியும் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆயிரத்துக்கு 750. அப்போது கேன்சல் செய்து திரும்ப வாங்குவதில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. முந்தின நாளே 10 சதவீதம் இழந்து கேன்சல் செய்கிறவருக்கு 150 ரூபாய் மிஞ்ச வழி இருக்கிறது. ஆனால் நாளைக்கு விலை இறங்குமா என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். அதற்காக நேரத்தைப் பார்த்து இறக்குவதை நிறுத்திவிட்டோம். ஆறு மணிக்கு 12 பெர்த்துக்கு மேல் காலி இருந்தால் மட்டுமே இறங்கும். இல்லையென்றால் அன்றைக்கு இல்லை.

தள்ளுபடியை இன்னும் ஆழமாகக் கொடுக்க ஆசைப்பட்டு, கேன்சல் பிடித்தத்தை 50 ஆக்கிவிடலாமே என்று ஒருத்தர் கேட்டார். கணக்கு சரியாக வரும். ஆனால் அது முன்கூட்டிப் பணம் கட்டியவரைக் கட்டிப்போட்டுவிட்டு அவர் கண் முன்னாலேயே அடுத்தவருக்கு மலிவாகக் கொடுப்பது. நான் அதைச் செய்து தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

விலை வித்தியாசம் 250 ஆகக் குறைந்தாலும் அந்த அம்மாவின் கேள்வி மிச்சமிருந்தது. முதலில் நினைத்தது, விலை இறங்கினால் ஏற்கெனவே வாங்கிய 21 பேருக்கும் வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுப்பது. 5,250 ரூபாய் ஆகும். 750-க்கு விற்கிற பெர்த்தில் எங்களுக்கு நிற்பது 615. ஒன்பது பெர்த் விற்றால்தான் கைநஷ்டம் இல்லாமல் தப்பிக்கலாம். செவ்வாய்க்கிழமை அது நடக்காது.

வழி காட்டியது உழவர் சந்தைதான். காலையில் பொறுக்கியெடுத்த தக்காளி வாங்கினவர், மதியம் கடை கட்டும்போது மிச்சத்தைப் பாதி விலைக்குக் கொடுப்பதைப் பார்த்துச் சண்டைக்கு வருவதில்லை. அது வேறு தக்காளி என்று அவருக்குத் தெரியும். நாங்கள் செய்த தப்பு, அதே பெர்த்தை, அதே வசதியோடு மலிவாகக் கொடுத்தது.

இப்போது கடைசி நேர டிக்கெட் தனிச் சரக்கு. பின் இரண்டு வரிசை பெர்த் மட்டும். பின் அச்சுக்கு அப்பால் இருப்பதால் அங்கே தூக்கிப் போடும் என்று அடிக்கடி போகிறவர்களுக்குத் தெரியும். எந்த பெர்த் என்பதை நாங்கள் ஒதுக்குவோம், பெண் பயணிக்குப் பக்கத்தில் பெண் என்ற கட்டுப்பாட்டோடு. ஏறுவது காந்திபுரத்தில் மட்டும், வழியில் பெருந்துறையிலோ லட்சுமி நகரிலோ ஏற முடியாது. கேன்சல் கிடையாது. இத்தனையும் பணம் கட்டுகிற பக்கத்திலேயே எழுதியிருக்கும். ரயில்வேயும் முதல் சார்ட் போட்ட பிறகு காலியாக இருக்கும் இடங்களுக்கு 2017 முதல் 10 சதவீதத் தள்ளுபடி கொடுத்து வந்தது. அதற்காக யாரும் கொதித்ததை நான் கேட்டதில்லை. தள்ளுபடி சிறிது, எப்போது கிடைக்கும் என்ற விதி எல்லாருக்கும் தெரிந்தது.

அந்தப் பின் வரிசையில் முன்பே முழு விலைக்கு வாங்கியவர் இருந்தால் அவர் மட்டும் நியாயமாகக் கோபப்படலாம். அன்றைய வண்டியில் அப்படி நாலு பேர். ஆளுக்கு 250 ரூபாய் அடுத்த பயணத்தில் கழிவு, அல்லது முன்பக்கம் காலியாக இருக்கும் கீழ் பெர்த், எது வேண்டும் என்று சாயங்காலமே போன் போட்டுக் கேட்கிறோம். பெரும்பாலும் கீழ் பெர்த்தைத்தான் கேட்கிறார்கள், அதில் எங்களுக்குச் செலவே இல்லை. நாலு பேரும் கழிவு கேட்டாலும் ஆயிரம் ரூபாய். 750-க்கு ஆறு பெர்த் போனால் 3,690 நிற்கும், ஆயிரம் போக 2,690. பழைய 3,153-ஐவிட முதல் ராத்திரியில் குறைவுதான். ஆனால் ஆறு மணி எண்ணிக்கை மூன்று மாதமாக இருபதுக்குக் கீழே இறங்கவில்லை.

விலை மேலே போகும்போதும் இதே பேச்சுதான். 1986-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் கனடாவில் பொதுமக்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். கார் தட்டுப்பாட்டில் பட்டியல் விலைக்கு மேல் 200 டாலர் ஏற்றுவது அநியாயம் என்றவர்கள் 71 சதவீதம். கொடுத்துவந்த 200 டாலர் தள்ளுபடியை நிறுத்துவது பரவாயில்லை என்றவர்கள் 58 சதவீதம். ஏறுகிற தொகை ஒன்றுதான். ஆகவே வண்டியின் உச்ச விலையை முதல் நாளே போட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து இறங்குவதாக இருக்கட்டும். ராத்திரி எட்டு மணிக்குத் துக்க வீட்டுக்குப் போக ஓடி வருகிறவரிடம் அந்த உச்சத்துக்கு மேல் ஒரு பைசா வாங்காதீர்கள்.

ரீஃபண்டில் இரண்டு இடத்தில்தான் சண்டை வரும். ஒன்று, பிடித்தத்தை பட்டியல் விலையில் கணக்கிடுவது. 800-க்கு வாங்கியவரிடம் ஆயிரத்துக்கு 25 சதவீதம் பிடித்தால் 250 போகிறது, நியாயமாகப் போக வேண்டியது 200. சில பில்லிங் மென்பொருளில் இப்படித்தான் வருகிறது, ஒரு டெஸ்ட் டிக்கெட் போட்டு கேன்சல் செய்து பாருங்கள். இன்னொன்று, ஆள் குறைவு என்று இரண்டு வண்டியை ஒன்றாகச் சேர்த்துவிடுவது. அப்போது மாட்டேன் என்கிறவர் யாராக இருந்தாலும், கேன்சல் இல்லாத 750 டிக்கெட்காரர் உள்பட, கட்டிய முழுப் பணமும் கட்டிய கணக்குக்கே போக வேண்டும், கூப்பனாக இல்லை. வருகிறேன் என்கிறவர்களுக்கு பெர்த் ஒதுக்கும்போது பட்டியலை புக் செய்த தேதிப்படி வரிசைப்படுத்துகிறோம். பத்து நாள் முன்பு போட்டவர் முதலில் பொறுக்கிக்கொள்வார், நாற்பது நிமிடம் முன்பு போட்டவர் கடைசியில்.

போன மாசம் அப்படி ஒரு ராத்திரி. பட்டியலில் முதல் பெயர் அந்தக் கொடுமுடி அம்மா. "கீழ, சன்னலோரம்ங்க தம்பி" என்றார்.