அளவு மறக்காது, விலை மறந்துவிடும்: பில் பொருத்தும் மென்பொருளைச் சோதிப்பது எப்படி?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவு, பில் மூன்றையும் கணினியே ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறது. பிறகு தணிக்கையாளர் அதில் எதைச் சோதிக்கிறார்? ஆயிரக்கணக்கான பில் இருக்கும் இடத்தில் ஒன்றிரண்டை மட்டும் பார்த்துவிட்டு ‘சரி’ என்று எப்படிச் சொல்கிறார்?”

இரண்டாவது கேள்வியைப் பிறகு பார்ப்போம். முதலில், பரவலாக நடக்கும் ஒரு தவறு. பணம் கொடுத்து முடித்த பில்களிலிருந்து 25 எடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆர்டரையும் வரவுச் சீட்டையும் தேடி எடுத்து, அளவும் விலையும் பொருந்துகின்றனவா என்று டிக் அடிப்பார்கள். எல்லாம் பொருந்தும். “கட்டுப்பாடு இயங்குகிறது” என்று எழுதிவிடுவார்கள். இது விளக்கு எரிவதைப் பார்த்து ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்வது போன்றது. ஃபியூஸுக்குப் பதில் யாரோ தடித்த கம்பியைச் செருகியிருந்தாலும் விளக்கு எரியத்தான் செய்யும். அந்த 25 பில்களும் பொருந்தியதற்குக் காரணம் சப்ளையர்கள் ஒழுங்காக பில் போட்டது மட்டுமாகக்கூட இருக்கலாம். பொருந்தாத பில்லை உள்ளே அனுப்பி, அது நிற்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

ஒப்பீடு நடக்கும் விதம் எளிது. ஆர்டர் விலையைச் சொல்கிறது. வரவுச் சீட்டு வந்த அளவைச் சொல்கிறது. பில் இரண்டையும் சொல்கிறது. வித்தியாசம் ஒரு வரம்புக்குள் இருந்தால் பில் கடந்துபோகும், மீறினால் நிற்கும். இந்த வரம்புக்கு டாலரன்ஸ் என்று பெயர். பெரிய நிறுவனங்களில் அதிகம் புழங்கும் எஸ்ஏபி மென்பொருளை வைத்தே சொல்கிறேன். அங்கே வரம்புகளை `OMR6` திரையில் வைப்பார்கள். அவை `T169G` டேபிளில் உட்காரும். நமக்கு வேண்டியவை இரண்டு: அளவுக்கு `DQ`, விலைக்கு `PP`.

இந்த இரண்டும் கணக்குப் போடும் விதத்தில்தான் சுவாரசியம் இருக்கிறது. அளவு வரம்பு என்றால் ‘இத்தனை எண்ணிக்கை கூடலாம்’ என்றுதான் பலரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. கூடுதலான எண்ணிக்கையை ஆர்டர் விலையால் பெருக்கி, வரும் தொகையைத்தான் வரம்போடு ஒப்பிடுகிறது:

```
DQ = ஆர்டர் விலை × (பில் அளவு − (மொத்த வரவு − இதுவரை பில் ஆன அளவு))
PP = பில் தொகை − (பில் அளவு × ஆர்டர் விலை)
```

முதல் சூத்திரத்தில் ‘இதுவரை பில் ஆன அளவு’ இருக்கிறது. இரண்டாவதில் இல்லை. அளவுக் கணக்கு பழைய பில்களை நினைவில் வைத்திருக்கிறது. விலைக் கணக்கு ஒவ்வொரு பில் வரியையும் புதிதாகப் பார்க்கிறது. சோதனையை எப்படி அமைப்பது என்பதை இந்த ஒரு வேறுபாடே தீர்மானிக்கிறது.

ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். 100 எண்ணம், ஒன்றின் விலை 250. இதுவரை வந்த சரக்கு 60. அளவு வரம்பு 1,000. விலைக்கு இரட்டை வரம்பு: தொகையில் 500, சதவீதத்தில் 5. இரண்டில் எதை மீறினாலும் பில் நிற்க வேண்டும். நிஜ சிஸ்டத்தில் அல்ல, அதன் சோதனைப் பிரதியில் இதைச் செய்ய வேண்டும். அதற்கு முன் இரண்டிலும் வரம்புகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுக்கொள்வது கட்டாயம்.

ஆர்டர் விலையிலேயே 60 எண்ணத்துக்கு பில் போட்டால் கடந்துபோகும். அதில் வியப்பில்லை. புதிதாக அதேபோல் ஓர் ஆர்டரும் வரவும் போட்டு, 64 எண்ணத்துக்கு பில் கொடுங்கள். கூடுதல் 4, பெருக்கினால் சரியாக 1,000. வரம்பைத் தொட்டது, மீறவில்லை, எனவே கடக்கும். மீண்டும் புதிய ஆர்டரில் 65 போட்டால் 1,250, நிற்க வேண்டும். எல்லைக்கோட்டின் இரு பக்கமும் இப்படி ஒரு பில் வைப்பதுதான் முக்கியம். 90 எண்ணத்துக்கு பில் போட்டு அது நின்றதைக் காட்டினால், வரம்பு 1,000-ஆ 7,000-ஆ என்பது தெரியவே தெரியாது.

‘நிற்பது’ என்றால் என்ன என்பதிலும் புதியவர்கள் தடுமாறுவார்கள். பில்லை எஸ்ஏபி ஏற்க மறுப்பதில்லை. பில் பதிவாகிவிடும், எண்ணும் கிடைக்கும்; ஆனால் அதன் மேல் `R` என்ற கொடுப்பனவுத் தடை விழும். ‘பதிவாகிவிட்டது, ஆகவே சோதனை தோற்றது’ என்று எழுதியவர்களும் உண்டு. தடையின் காரணத்தை `RSEG` டேபிளில் பார்க்கலாம்: அளவு என்றால் `SPGRM`, விலை என்றால் `SPGRP`. இதைப் பார்க்காமல் விடக்கூடாது. விலையைச் சோதிக்கப் போட்ட பில் தப்பித்தவறி அளவுக்காக நின்றிருந்தால், விலை வரம்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் ஒரு பில்லில் ஒரே ஒரு தவறை மட்டும் வைக்க வேண்டும்.

இப்போது அளவின் நினைவாற்றலைச் சோதிப்போம். 64-க்கு பில் கடந்த அதே ஆர்டரில், இன்னும் 1 எண்ணத்துக்குத் தனியாக பில் போடுங்கள். தனியே பார்த்தால் வெறும் 250-தான். ஆனால் சூத்திரத்தில் வைத்தால் 1 − (60 − 64) = 5, அதாவது 1,250. நிற்கும். அதிக அளவைத் துண்டு துண்டாக நுழைக்க முடியாது.

விலைக்கு வருவோம். இங்கும் ஒவ்வொரு பில்லுக்கும் புதிய ஆர்டரும் வரவும் போட வேண்டும். 60 எண்ணத்தை 258 வீதம் பில் போட்டால் கூடுதல் 480, கடக்கும். 259 வீதம் என்றால் 540; சதவீதத்தில் 3.6 மட்டுமே என்றாலும் தொகை வரம்பை மீறியதால் நிற்கும். 10 எண்ணம் 264 வீதம் என்றால் கூடுதல் 140-தான், ஆனால் 5.6 சதவீதம் என்பதால் நிற்கும். இரண்டு வரம்புகளும் தனித்தனியே உயிரோடு இருப்பதை இந்த இரண்டு பில்களும் காட்டிவிடும்.

பல இடங்களில் சதவீத வரம்பை ‘சரிபார்க்க வேண்டாம்’ என்று விட்டிருப்பார்கள். சில்லறை வித்தியாசத்துக்கெல்லாம் பில் நிற்கிறது, கணக்குப் பிரிவு தலையில் அடித்துக்கொள்கிறது என்பது வழக்கமான காரணம். அப்படி விட்டால் என்ன ஆகும்? சப்ளையர் 250-க்குப் பதில் 310 போடுகிறார். 60 எண்ணத்துக்கும் ஒரே பில் என்றால் கூடுதல் 3,600, உடனே நிற்கும். அதையே எட்டு எண்ணம் வீதம் ஏழு பில்களாகவும், மிச்சம் நான்குக்கு ஒரு பில்லாகவும் உடைத்தால்? ஏழு பில்களிலும் கூடுதல் தலா 480, கடைசியில் 240. எட்டும் கடந்துவிடும். 24 சதவீதம் கூடுதல் விலை, ஒரு தடைகூட விழாது. அளவு வரம்பும் தடுக்காது, ஏனென்றால் மொத்த எண்ணிக்கை 60-ஐத் தாண்டவே இல்லை. எந்த நிரலும் பழுதாகவில்லை, எழுதியபடிதான் இயங்கியது. சதவீத வரம்பு தொல்லை அல்ல, விலைக் கணக்கின் மறதிக்கு அதுதான் மருந்து என்பது என் கருத்து. அதைக் கூட்டலாம், குறைக்கலாம், அணைத்து வைக்கக்கூடாது.

இதைவிடச் சத்தமில்லாத ஓட்டை ஒன்று ஆர்டர் வரியிலேயே இருக்கிறது. ‘இதற்குச் சரக்கு வரவு உண்டு’ என்பதற்கான குறி `WEPOS`. அது வெறுமையாக இருந்தால் மென்பொருள் வரவைத் தேடுவதே இல்லை. பில்லை ஆர்டர் அளவோடு மட்டும் ஒப்பிடும். ஒரு பெட்டிகூட வராமல் 100 எண்ணத்துக்கும் பணம் போய்விடும். மூன்று ஆவணங்களின் ஒப்பீடு இரண்டாகச் சுருங்கியதற்கு எந்த எச்சரிக்கையும் வராது. சேவைகள், சந்தாக்கள் போன்றவற்றுக்கு இப்படி வைப்பது நியாயம். கிடங்குக்கு வரும் பொருளுக்கு அல்ல. இதற்கு மாதிரி பில் தேவையில்லை, முழுப் பட்டியலையும் ஒரே கேள்வியில் எடுத்துவிடலாம்:

```sql
SELECT EBELN, EBELP, MATNR, NETWR
FROM EKPO
WHERE WEPOS = '' AND REPOS = 'X' AND LOEKZ = ''
```

`MATNR` நிரம்பியிருக்கும் வரிகளை முதலில் பாருங்கள். பொருள் எண் இருந்தும் வரவு வேண்டாம் என்றால், யாரோ பதில் சொல்ல வேண்டும்.

சரி, வாசகரின் இரண்டாவது கேள்வி. ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு பில் போதும் என்று சொல்லக் காரணம், நிரலுக்குச் சோர்வு கிடையாது. அதே உள்ளீட்டுக்கு அதே விடையைத்தான் தரும். மனிதர் செய்யும் வேலைக்கு உரிய 25 மாதிரி என்ற பழக்கத்தை இங்கே கொண்டுவருவதில் பொருளில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மார்ச்சில் சோதித்த நிரலும் வரம்பும்தான் ஆண்டு முழுக்க இருந்தன என்று காட்ட வேண்டும். `T169G`-இன் மாற்றப் பதிவை `SCU3` வழியே எடுத்து, ‘மாற்றம் ஏதுமில்லை’ என்ற வெற்றுப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோப்பில் சேர்ப்பார்கள். வெற்றுப் பக்கத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு: மாற்றம் நடக்கவில்லை, அல்லது பதிவு செய்யும் வசதியே அணைந்து கிடக்கிறது. `rec/client` என்ற அமைப்பு `OFF` என்று இருந்தால் இரண்டாவதுதான். இதைப் பார்க்காத ஸ்கிரீன்ஷாட் தாயத்துக்குச் சமம்.

கடைசியாக, இந்த ஒப்பீட்டால் எந்நாளும் பிடிக்க முடியாத ஒன்று. விலைக்காக பில் நின்றுவிட்டது. கொள்முதல் பிரிவில் ஒருவர் ஆர்டரைத் திறந்து 250-ஐ 310 ஆக்குகிறார். இப்போது மூன்றும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. தடைகளை விடுவிக்கும் `MRBR` தானியங்கி முறையில் இரவில் ஓடும்போது, காரணம் தீர்ந்துவிட்டது என்று தடையை எடுத்துவிடும். மறுநாள் பார்ப்பவருக்குப் பொருந்திய பில் மட்டுமே தெரியும். இதைக் கண்டுபிடிக்க, ஆவணங்களில் நடந்த மாற்றங்கள் பதிவாகும் `CDHDR`, `CDPOS` டேபிள்களில் ஆர்டர் விலையான `NETPR` மாறிய தேதிகளை எடுத்து, `RBKP`-இல் பில் பதிவான `CPUDT` தேதியோடு வைத்துப் பார்க்க வேண்டும். பில்லுக்குப் பிறகு விலை ஏறிய ஒவ்வொரு ஆர்டருக்கும், ஏறிய விலைக்குப் புதிதாக ஒப்புதல் வாங்கப்பட்டதா, பழைய ஒப்புதலே ஓட்டப்பட்டதா என்று தேடுங்கள்.