250-ஐத் தாண்டிய பங்கு: வால்யூமை எப்படிப் படிப்பது?

ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். கற்பனைப் பங்குதான், ஆனால் இதைப் போன்ற சார்ட்டைத் தேசியப் பங்குச் சந்தையில் எந்த வாரமும் பார்க்கலாம். மூன்று மாதமாக விலை 230 ரூபாய்க்கும் 250 ரூபாய்க்கும் நடுவிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. 250-ஐ மூன்று முறை தொட்டது; மூன்று முறையும் திரும்பி இறங்கியது. ஒரு நாளைக்குச் சராசரியாக 4 லட்சம் பங்குகள் கைமாறுகின்றன; இந்த எண்ணிக்கைதான் வால்யூம். இன்று நான்காவது முறையாக வந்து 250-ஐத் தாண்டிவிட்டது. இது தடையை உடைத்த நிஜமான பிரேக்அவுட்டா, இல்லை நாளைக்கே 245-க்கு இறங்கி, வாங்கியவர்களை மாட்டிவிடுமா?

வால்யூம் அதிகமாக இருந்தால் நிஜம், குறைவாக இருந்தால் பொய் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அது பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள்தான் உச்சியில் மாட்டுகிறார்கள். அதனால் முதலில் அந்த 250-ல் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

முன்பு 250-ல் வாங்கி, விலை இறங்கியதும் மாட்டிக்கொண்டவர்கள் ஒரு கூட்டம். போட்ட பணம் திரும்பி வந்தால் போதும் என்று காத்திருப்பவர்கள். 230-ல் வாங்கி, 250 வந்தால் விற்றுவிடலாம் என்று இருப்பவர்கள் இன்னொரு கூட்டம். இந்த இரண்டு கூட்டத்தின் விற்பனை ஆர்டர்களும் சேர்ந்ததுதான் சார்ட்டில் நாம் ரெசிஸ்டன்ஸ் என்று கோடு போடும் இடம். அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே, 252 அல்லது 253-ல், வேறொரு வகை ஆர்டர்கள் இருக்கின்றன. 250-ல் திரும்பிவிடும் என்று நம்பி, கையில் இல்லாத பங்கை முதலில் விற்று ஷார்ட் போனவர்கள், நஷ்டம் பெருகாமல் இருக்க வைத்திருக்கும் ஸ்டாப்லாஸ் ஆர்டர்கள் அவை. ஷார்ட்டை மூட வேண்டுமானால் வாங்க வேண்டும். அதனால் அவை எல்லாமே வாங்கும் ஆர்டர்கள். விலை அங்கே போய்த் தொடும்வரை, காத்திருக்கும் ஆர்டர்களைக் காட்டும் மார்க்கெட் டெப்த்தில் அவை கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வால்யூம் 11 லட்சம் என்றால் 11 லட்சம் பங்குகள் வாங்கப்பட்டன, அதே 11 லட்சம் பங்குகள் விற்கப்பட்டன. வாங்குபவர் இல்லாமல் விற்பனை கிடையாது. ஆகவே, பெரிய வால்யூமைப் பார்த்து 'வாங்குபவர்கள் அதிகம்' என்று சொல்வது தவறு. அந்த விலையில் எவ்வளவு சரக்கு கைமாறியது என்பதை மட்டும்தான் வால்யூம் சொல்லும். அந்த மோதலில் ஜெயித்தது யார் என்பதை, விலை எங்கே முடிந்தது என்பதுதான் சொல்லும். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சரி, நம் பங்குக்கு வருவோம். தாண்டிய அன்று மூன்று விதமாக நடந்திருக்கலாம்.

முதல் விதம்: விலை 257 வரை போய் 256-ல் முடிகிறது. வால்யூம் 11 லட்சம், அதாவது வழக்கத்தைப்போல் இரண்டே முக்கால் மடங்கு. 250-ல் காத்திருந்த கூட்டம் விற்றிருக்கிறது. இல்லாவிட்டால் இவ்வளவு பங்குகள் கைமாறியிருக்காது. அத்தனையையும் வாங்கிக்கொண்ட பிறகும் விலை நாளின் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது. தடை உடைந்தது என்று சொல்வதற்கு இதுதான் நல்ல அடையாளம். போட்ட பணம் கிடைத்தால் போதும் என்றிருந்தவர்கள் வெளியே போய்விட்டார்கள். அவர்களிடமிருந்த பங்குகள் இப்போது 250-க்கு மேலும் விலை கொடுக்கத் தயாராக இருந்தவர்களின் கையில் இருக்கின்றன.

இரண்டாவது விதம்: விலை 257-ஐத் தொட்டுவிட்டு 251-ல் முடிகிறது. வால்யூம் 4.5 லட்சம்தான். இப்படி நடப்பதற்கு பெரிய வாங்குதல் எதுவும் தேவையில்லை. விற்பனை ஆர்டர்கள் கொஞ்சம் மெலிந்திருந்த நேரத்தில் விலை 252-க்கு ஏறுகிறது. அங்கிருந்த ஸ்டாப்லாஸ்கள் தூண்டப்படுகின்றன. அந்த வாங்குதல் 254-க்குத் தள்ளுகிறது. அங்கே இன்னும் சில ஸ்டாப்லாஸ்கள். இப்படியே 257 வரை போய்விடும். ஆனால் ஷார்ட்டை மூடியவர் மறுபடி வாங்கப்போவதில்லை, அவர் வேலை முடிந்துவிட்டது. அவருக்குப் பின்னால் புது ஆள் வரவில்லை என்றால் விலையைத் தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை. 250-ல் இருந்த சரக்கும் இன்னும் விற்கப்படாமல் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது விதம்தான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. விலை 258 வரை போகிறது, 248.50-ல் முடிகிறது, வால்யூம் 14 லட்சம். வால்யூமை மட்டும் பார்ப்பவருக்கு இதுதான் மூன்றிலும் பலமான நாள். ஆனால் அன்றைய விலையைக் காட்டும் கேண்டிலைப் பாருங்கள்: மேலே உச்சி வரை மெல்லிய குச்சியாக நீண்ட விக், முடிவு விலை 250 கோட்டுக்குக் கீழே. வழக்கத்தைப்போல் மூன்றரை மடங்கு பங்குகள் கைமாறியும் விலை கோட்டுக்கு மேலே நிற்க முடியவில்லை என்றால், வாங்கியவர்கள் எல்லோருக்கும் கேட்ட அளவு கொடுக்க ஒருவர் தயாராக இருந்தார் என்றுதான் அர்த்தம். பெரிய அளவில் பங்கு வைத்திருப்பவர் சாதாரண நாளில் 5 லட்சம் பங்குகளை விற்றால் விலை சரிந்துவிடும். பிரேக்அவுட் நாளில்தான் வாங்குவதற்கு இத்தனை பேர் ஒரே நேரத்தில் வருகிறார்கள். அவருக்கு அதுதான் வசதியான நேரம்.

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சந்தையில் வர்த்தகம் செய்த ரிச்சர்ட் வைக்காஃப் இதை உழைப்பு, பலன் என்ற இரண்டு சொற்களில் விளக்கினார். வால்யூம் உழைப்பு, விலை நகர்ந்த தூரம் பலன். உழைப்பு பெரிதாக இருந்து பலன் சிறிதாக இருந்தால் எதிர்ப்பக்கம் யாரோ தாங்கி நிற்கிறார்கள். வால்யூம் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் இதைவிட உபயோகமானதை நான் பார்த்ததில்லை.

இந்த மூன்றாவது நாளுக்கு இன்னொரு விளைவும் உண்டு. 250-க்கும் 258-க்கும் நடுவில் வாங்கியவர்கள் அன்று மாலையே நஷ்டத்தில் இருக்கிறார்கள். அடுத்த முறை விலை அங்கே வந்தால் அவர்களும் விற்கக் காத்திருப்பார்கள். தடை உடையவில்லை, முன்பைவிடத் தடித்துவிட்டது.

இப்போது அளக்கும் முறை. வழக்கத்தைவிட அதிகம் என்கிறோமே, வழக்கம் எது? பெரும்பாலான சார்ட் மென்பொருள்கள் கடந்த 20 நாளின் சராசரியைக் கோடாகப் போட்டுக் காட்டும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பங்கில் 19 நாள் 4 லட்சம் வீதமும், நடுவில் ஒரு நாள் மொத்தமாகக் கைமாறிய பெரிய பல்க் டீல் காரணமாக 60 லட்சமும் கைமாறியது என்று வையுங்கள். கூட்டினால் 136 லட்சம். 20-ஆல் வகுத்தால் 6.8 லட்சம். இன்றைய 11 லட்சம் அந்தக் கோட்டோடு ஒப்பிட்டால் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நல்ல பிரேக்அவுட் சாதாரணமாகத் தெரிந்துவிடும். அந்த ஒரு நாளை விட்டுவிட்டோ, 20 நாள் வால்யூமை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தோ பார்த்தால் உண்மையான வழக்கமான 4 லட்சம் கிடைக்கும்.

சந்தை நடந்துகொண்டிருக்கும்போதே முடிவெடுப்பவர்களுக்கு நேரக் கணக்கும் முக்கியம். சந்தை காலை 9:15 முதல் மதியம் 3:30 வரை, மொத்தம் 375 நிமிடம். காலை 10 மணிக்கு விலை 250-ஐத் தாண்டுகிறது, அதுவரை 1.2 லட்சம் பங்குகள் கைமாறியிருக்கின்றன. 45 நிமிடம் என்பது நாளில் 12 சதவீதம். அப்படியானால் நாள் முடிவில் 10 லட்சம் வரும் என்று மனக்கணக்கு போடத் தோன்றும். ஆனால் வர்த்தகம் நாள் முழுக்க ஒரே சீராக நடப்பதில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் அதிகம், மதியம் குறைவு. இந்தப் பங்கில் வழக்கமாகவே 10 மணிக்குள் நாளின் கால்வாசி வர்த்தகம் முடிந்துவிடும் என்றால், 1.2 லட்சம் என்பது நாள் முழுவதற்கும் 4.8 லட்சத்தைத்தான் காட்டுகிறது. பிரேக்அவுட் வால்யூம் என்று நினைத்தது சாதாரண காலை நேர வால்யூம். இன்றைய 10 மணியை முந்தைய நாள்களின் 10 மணியோடு ஒப்பிட வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் நாளின் முடிவு விலை வரும்வரை காத்திருப்பது நல்லது.

அப்புறம் டெலிவரி அளவு. வர்த்தகம் முடிந்த பிறகு, கைமாறியதில் எவ்வளவு டெலிவரிக்குப் போனது என்பதைச் சந்தை வெளியிடுகிறது. 11 லட்சத்தில் 55 சதவீதம் டெலிவரி என்றால் சுமார் 6 லட்சம் பங்குகள் அன்றைக்கே வாங்கி விற்ற கணக்கில் சேராமல் உண்மையாகவே வேறு கைக்குப் போயிருக்கின்றன. 14 லட்சத்தில் 20 சதவீதம் என்றால் 2.8 லட்சம்தான், மீதி எல்லாம் அன்றே திரும்பிய பணம். ஆனால் டெலிவரி அதிகம் என்பதை மட்டும் வைத்துச் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. பெரிய பங்குதாரர் ஒருவர் விற்று வெளியேறினாலும் அதுவும் டெலிவரிதான். இங்கேயும் முடிவு விலையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

குறைந்த வால்யூமில் தாண்டியும் நன்றாக ஓடிய பங்குகள் உண்டு. முதல் முறை 250-ஐத் தொட்டு 232 வரை இறங்கியது, இரண்டாம் முறை 238, மூன்றாம் முறை 244, இறங்கும்போதெல்லாம் வால்யூமும் வற்றிக்கொண்டே வந்தது என்றால், விற்க வேண்டியவர்கள் முன்பே விற்று முடித்திருக்கலாம். உடைக்கத் தடை மிச்சமில்லாதபோது பெரிய வால்யூமும் தேவைப்படாது. அன்றைய விலையின் மேல் வரம்பான அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்ட பங்கும் இப்படித்தான்: விற்க ஆள் இல்லாததால்தான் அங்கே வால்யூம் குறைவு. கீழ்ப்பக்கம் விலையைத் தாங்கி நின்ற சப்போர்ட் உடையும்போதும் பெரிய வால்யூமை எதிர்பார்க்க முடியாது. வாங்குபவர்கள் ஒதுங்கி நின்றாலே விலை தன் எடையில் இறங்கிவிடும்.

முதல் விதமாக, 11 லட்சத்தில் 256-ல் முடிந்த நம் பங்குக்கே சோதனை இன்னும் முடியவில்லை. அடுத்த நான்கைந்து நாளில் அது 251 பக்கம் திரும்பி வருவது சகஜம். அப்படி வரும்போது வால்யூம் 3 லட்சம், 2.5 லட்சம், 2 லட்சம் என்று சுருங்கினால் விற்கும் அவசரம் யாருக்கும் இல்லை. பழைய தடை இப்போது தரையாகியிருக்கிறது. அதே இறக்கம் 8 லட்சம் வால்யூமில் வந்து 247-ல் முடிந்தால், அன்று கோட்டுக்கு மேலே வாங்கியவர்களே வெளியேறுகிறார்கள். முதல் நாள் எவ்வளவு அழகாக இருந்திருந்தாலும் அந்தப் பிரேக்அவுட் தோற்றுவிட்டது. வாங்கியவரின் ஸ்டாப்லாஸ் இருக்க வேண்டிய இடம் அதுதான்.