நெளிபட்டை: செர்பென்டைன் பெல்ட்

கார் எஞ்சினின் ஒரு முனையில் கிராங்க் புல்லியிலிருந்து புறப்படும் ஒற்றை ரப்பர்ப் பட்டை ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், வாட்டர் பம்ப் என ஒவ்வொன்றையும் வளைத்துச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. இதுதான் செர்பென்டைன் பெல்ட். 1970களின் இறுதிவரை ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வி-பெல்ட் இருப்பதே வழக்கம். அவற்றின் இடத்தை இந்த ஒரே பட்டை பிடித்தது.

‘ஊர்ந்து செல்வது’ என்னும் பொருளுடைய லத்தீன் ‘செர்பென்ஸ்’ என்பதிலிருந்து வந்த பெயர் இது. வடமொழிச் ‘சர்ப்பம்’ அதற்கு உறவுச் சொல். தமிழில் ‘பாம்புப் பட்டை’ என்று நேராகச் சொல்லலாம். ஆனால் பாம்புத்தோலில் செய்த இடைவாரும் நினைவுக்கு வரும். ‘நெளிவார்’ என்றால் வினைமுற்றாக ஒலிக்கிறது. ‘ஊறுகாய்’ போல வினைத்தொகையாக அமையும் ‘நெளிபட்டை’யே என் தேர்வு. பேச்சில் நிலைத்துவிட்ட ‘ஃபேன் பெல்ட்’ இதற்குப் பொருந்தாது. இன்றைய கார்களில் பெரும்பாலும் ரேடியேட்டர் விசிறி மின்மோட்டாரில் சுழல்கிறது. பட்டை இழுப்பது வேறு கருவிகளை.

நெளிந்து ஓடுவதில்தான் இதன் பலவீனமும் இருக்கிறது. பட்டை ஒரு புல்லியை எவ்வளவு தூரம் தழுவிச் செல்கிறதோ, அந்த அளவுக்குத்தான் பிடிப்பு. பல எஞ்சின்களில் வாட்டர் பம்பைச் சுழற்றுவது பட்டையின் வழுவழுப்பான முதுகுப்பக்கம். பட்டையின் உட்பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் வரிப்பள்ளங்களின் உதவி அங்கே கிடையாது, தழுவலும் குறைவு. கம்ப்ரசர் புல்லியில் வரிகள் பதிந்து ஓடினாலும், புல்லியைக் கம்ப்ரசரோடு இணைக்கும் ஏசி கிளட்ச் ஒட்டும் கணத்தில் சுமை திடீரென ஏறுகிறது. பட்டையை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் சுருள்வில் தளர்ந்திருந்தால், அல்லது வரிகள் தேய்ந்து பட்டை பள்ளத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டால், அந்தக் கணத்தில் பட்டை வழுக்கும். ஏசி போட்டதும் வரும் ‘கிறீச்’ சத்தம் அதுவே. இப்போதைய இ.பி.டி.எம் ரப்பர்ப் பட்டைகள் பழைய நியோபிரீன் போல எளிதில் வெடிப்பதில்லை, சத்தமின்றித் தேய்கின்றன. வெடிப்பு இல்லையே என்று பட்டையை நம்பிவிடக் கூடாது.

வழுக்கினால் என்ன குறைகிறது என்று ஒரு கணக்கில் பார்ப்போம். கிராங்க் புல்லி 150 மி.மீ., பம்ப் புல்லி 125 மி.மீ. விட்டம் என்று கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால் பம்ப் 960 சுற்று ஓட வேண்டும். கால்பங்கு வழுக்கினால் கிடைப்பது 720. நீரோட்டம் ஏறத்தாழக் கால்பங்கு குறையும். பம்ப் தரும் அழுத்தமோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப இறங்குவதால் 56 விழுக்காடாகிவிடும். நெரிசலில் நிற்கும்போது வெப்ப முள் ஏறுவது இப்படித்தான். கம்ப்ரசர் வேகம் குறைந்தால் உறிஞ்சும் பக்கத்து அழுத்தம் ஏறி, தள்ளும் பக்கத்து அழுத்தம் இறங்கி, காற்றுத்துளையில் வெதுவெதுப்பான காற்று வரும். இதற்கிடையில் வழுக்கும் இடம் சூடேறி ரப்பர் பளபளப்பாகிறது; பளபளத்த ரப்பர் இன்னும் வழுக்குகிறது.

எங்கே வழுக்குகிறது என்பதை விளைவே காட்டிக்கொடுக்கும். கிராங்க் புல்லியில் என்றால் எல்லாக் கருவிகளும் ஒன்றாகச் சோரும். பேட்டரி விளக்கும் எரியலாம். பம்ப் புல்லியில் மட்டும் என்றால் முள் ஏறும், விளக்குகள் மங்காது. ஏசியை அணைத்ததும் சத்தம் நின்றால் கம்ப்ரசரைக் கவனியுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு அதன் கிளட்ச் முகத்தட்டைக் கையால் திருப்பினால் சீராகச் சுழல வேண்டும். இறுகியிருந்தால் குற்றவாளி கம்ப்ரசர். புதுப் பட்டை போட்டாலும் சத்தம் திரும்பிவரும்.

சத்தத்தின் வகையை அறிய, எஞ்சின் ஓடும்போது வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார்கள் (கையும் தளர்ந்த துணியும் பட்டையிலிருந்து விலகியிருக்க வேண்டும்). கிறீச்சிடல் கூடினால் இறுக்கம் போதவில்லை. ‘கீச் கீச்’ என்ற விட்டுவிட்ட ஒலி சற்று அடங்கி மீண்டும் வந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. பெல்ட் டிரெஸ்ஸிங் ஸ்பிரே அடிப்பது சத்தத்தை மறைக்குமே தவிர, இறுக்கத்தைத் தராது.

வாட்டர் பம்பின் கசிவுத்துளையையும் பார்க்க வேண்டும். அங்கிருந்து சொட்டும் கூலன்ட் பட்டையில் படிந்தால், பம்ப் தன்னைச் சுழற்றும் பட்டையைத் தானே வழுக்கவைக்கிறது. அப்போது பம்பையும் பட்டையையும் சேர்த்து மாற்றி, எல்லாப் புல்லிகளின் பள்ளங்களையும் துடைத்த பிறகே புதுப் பட்டையை ஏற்ற வேண்டும்.