வீட்டு வரி பில்லில் கடைசி வரியை மட்டும் பார்க்காதீர்கள்

இந்த மாதமும் ஒருவர் பில்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சார், நான் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. வாடகை மதிப்பு என்று போட்டு எப்படி வரி கேட்கலாம்?" சொத்து வரி ஆலோசனைத் தொழிலில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். இதை எழுதி வைத்துவிட்டால், அடுத்து வருபவரிடம் படிக்கக் கொடுத்துவிடலாம்.

ஆண்டு வாடகை மதிப்பு என்பது நீங்கள் வாங்கும் வாடகை அல்ல. அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று உள்ளாட்சி போடும் மதிப்பீடு. நீங்களே குடியிருந்தாலும் அது உண்டு. உறவினரை இலவசமாக வைத்திருந்தாலும் உண்டு. குடியிருப்பவர் வாடகை பாக்கி வைத்திருந்தாலும் அது குறையாது. சொந்தக் குடியிருப்புக்கோ பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கோ சில உள்ளாட்சிகள் சலுகை தருவது உண்மைதான், ஆனால் அது தனி விதி. எழுதிக் கேட்டால்தான் பெரும்பாலும் கிடைக்கும். "எனக்கு வாடகை வரவில்லை" என்று மட்டும் எழுதிய மனுவை அதிகாரி ஒரு நிமிடத்தில் தள்ளிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, வந்தவரின் கணக்குக்கு வருவோம். இடத்துக்கு இடம் விகிதங்கள் மாறும் என்பதால், கணக்கு விளங்க எண்களை எளிதாக்கித் தருகிறேன்.

வீடு 1,000 சதுர அடி. அந்தத் தெருவில் குடியிருப்புக்கு சதுர அடிக்கு மாதம் 4 என்று மதிப்பு. மாதத்துக்கு 4,000, வருடத்துக்கு 48,000. பழுதுபார்ப்புக்கு 10 சதவீதம் கழித்தால் 43,200. இதுதான் ஆண்டு வாடகை மதிப்பாக இருந்திருக்க வேண்டும். பில்லில் இருந்ததோ 56,160.

அவர் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. விகிதத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று சண்டைக்கு நின்றார். பொது வரி 10 சதவீதம், கல்வி வரி 2.5 சதவீதம், மேல்வரி 10 சதவீதம் என்று பில்லில் இருந்த மூன்றையும் கூட்டி, "22.5 சதவீதம் பிடுங்குகிறார்கள்" என்றார். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அவருடைய பில்லில் முதல் இரண்டும் வாடகை மதிப்பின் மேல் போடப்பட்டவை. மேல்வரி, வந்த வரியின் மேல் போடப்பட்டது. எந்தச் சதவீதம் எதன் மேல் என்று பார்க்காமல் கூட்டவே கூடாது. 56,160-க்கு 12.5 சதவீதம் 7,020. அதில் 10 சதவீதம் 702. மொத்தம் 7,722. இரண்டாக வகுத்தால் அரையாண்டுக்கு 3,861. பில்லில் இருந்த தொகை அதேதான். பெருக்கலில் தப்பே இல்லை, விகிதமும் பழைய விகிதம்தான்.

தப்பு மேலே இருந்தது. வீட்டின் முன்பக்கம் 300 சதுர அடி "வணிகம்" என்று பதிவாகி, குடியிருப்பைப் போல இரண்டு மடங்கு, அதாவது சதுர அடிக்கு 8 என்று கணக்கிடப்பட்டிருந்தது. ஒரு காலத்தில் அங்கே கடை இருந்ததாம். மூடி நாளாயிற்று, இப்போது படுக்கையறை. யாரிடமும் சொல்லவில்லை. 700 சதுர அடிக்கு 2,800, இந்த 300-க்கு 2,400, ஆக மாதம் 5,200. அதை 12 மாதத்துக்குப் பெருக்கி 10 சதவீதம் கழித்தால் அந்த 56,160 வந்துவிடும். முழுவதும் குடியிருப்பு என்று இருந்தால் அரையாண்டு வரி 2,970. ஒவ்வொரு அரையாண்டும் 891 கூடுதலாகக் கட்டிக்கொண்டு, இல்லாத இடத்தில் தப்பைத் தேடியிருக்கிறார்.

ஆட்சேபம் எழுதும்போது "வரி அதிகம்" என்று எழுதாதீர்கள், தயவுசெய்து. அப்படி எழுதினால் எதைத் திருத்துவது என்று அவர்களுக்கே தெரியாது. "முன்பகுதி 300 சதுர அடி வணிகம் என்று உள்ளது, இப்போது குடியிருப்பு, புகைப்படமும் மின் இணைப்பு விவரமும் இணைத்திருக்கிறேன், நேரில் அளந்து பார்க்கவும்" என்று எழுதுங்கள். பரப்பளவு, பயன்பாடு, கட்டட வயது, கட்டட வகை: நான் பார்த்தவரை தப்பு பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும். பில்லில் இவ்வளவு விவரம் இருக்காது, மதிப்பீட்டுப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஆளே இல்லாத அறையைக் கடை என்று வைத்திருப்பதையும், இடித்த மாட்டுக்கொட்டகை இன்னும் பரப்பளவில் நிற்பதையும் அந்த நகலில்தான் கண்டிருக்கிறேன்.

பில் கூடியதும் முதலில் போன பில்லை எடுத்து வாடகை மதிப்பையும் விகிதத்தையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். மதிப்பு மாறியிருந்தால் ஆட்சேபம் உங்கள் கையில். விகிதம் மாறியிருந்தால் அது உள்ளாட்சி மன்றம் எடுத்த முடிவு, உங்கள் ஒரு வீட்டுக்காக மாறாது. இரண்டும் மாறாமல் தொகை மட்டும் கூடியிருந்தால் நிலுவையோ தாமதக் கட்டணமோ சேர்ந்திருக்கும். பழைய ரசீதுகளைத் தேடி எடுங்கள்.

அப்புறம், ஆட்சேபம் போட்டாயிற்று என்று வரி கட்டாமல் உட்காராதீர்கள். தடை உத்தரவு இல்லாதவரை தாமதக் கட்டணம் ஏறக்கூடும். ஆட்சேபத்துக்கு உட்பட்டே செலுத்துகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள், மதிப்பு குறைந்தால் அடுத்த தவணையில் கழித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். மதிப்பீட்டு அறிவிப்பில் ஆட்சேபத்துக்கான கெடு இருக்கும். பில் வந்தபின் அறிவிப்பைத் தேடுகிறவர்களுக்கு அந்தக் கெடு பெரும்பாலும் முடிந்திருக்கும், ஆகவே அறிவிப்பு வந்த அன்றே பிரித்துப் படியுங்கள்.