பால்கனித் தொட்டிகள்: ஈர மண்ணின் எடையை எழுதாத அனுமதிக் கடிதம்

“ஐயா, பால்கனியில் சில செடித் தொட்டிகள் வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறேன்.” புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இரண்டாம் தளத்தில் வாடகைக்கு இருக்கும் ஒருவர் தம் வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதத்தில் இவ்வளவுதான் இருந்தது. தளத்தைப் பார்த்துச் சொல்லும்படி வீட்டுக்காரர் என்னை அழைத்தார். கட்டடப் பொறியாளராக இப்படிப்பட்ட கடிதங்களைப் பலமுறை பார்த்துவிட்டேன். எதிலும் எடை இருப்பதில்லை.

“செடிதானே, என்ன பெரிய எடை?” என்று கேட்கிறார்கள். எடை செடியில் இல்லை, நனைந்த மண்ணில் இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் வாங்கி வைத்திருந்த செடிப் பைகள் 40 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்டவை; ஒன்றில் ஏறத்தாழ 50 லிட்டர் மண் பிடிக்கும். நனைந்த செம்மண் லிட்டருக்குச் சுமார் 1.8 கிலோ என்றால் ஒரு பை 90 கிலோ, பத்துப் பை 900 கிலோ. காய்ந்த மண்ணைத் தூக்கிப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஐப்பசி மழையில் நனைந்து நிற்கும் மண்ணைத்தான் தளம் சுமக்கிறது.

குடியிருப்புப் பால்கனிக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 வகுக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ. பத்தடிக்கு நான்கடி பால்கனி 3.7 சதுர மீட்டர், ஆகவே 1,100 கிலோ தாங்கும், 900 வைக்கலாம் என்று அவர் வாதிட்டார். அந்தக் கணக்கு தவறு. அந்தச் சுமை தளம் முழுவதும் பரவியிருப்பதாகக் கொண்டது. அதில் நிற்கும் மனிதர்களும் அடக்கம். சுவரிலிருந்து வெளியே நீளும் தளத்தின் விளிம்பில் பைகளை வரிசையாக அடுக்கினால், அதே எடை சுவரோரம் இருப்பதைவிடப் பல மடங்கு வலுவாகத் தளத்தைக் கீழே வளைக்கும். கடற்காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் பழைய கம்பி அரித்திருந்தால் 300 என்ற எண்ணையும் நம்ப முடியாது. தளத்தின் அடியில் துருக்கறையோ, மேலே சுவரை ஒட்டி நீளவாக்கில் விரிசலோ தெரிந்தால் ஒரு தொட்டியும் வைக்காதீர்கள். இங்கே இரண்டும் இல்லை.

பிறகு கடிதத்தைத் திருத்தி எழுதினோம்:

“ஐயா, 20 லிட்டர் தொட்டிகள் ஆறு மட்டும் வைக்க விரும்புகிறேன். தென்னைநார்க் கழிவும் மட்கிய உரமும் மிகுதியாகக் கலந்த மண்ணை இடுவதால், நனைந்த நிலையிலும் ஒன்று 27 கிலோவுக்குள், மொத்தம் சுமார் 160 கிலோ இருக்கும். அனைத்தும் வீட்டுச் சுவரை ஒட்டியே இருக்கும். கைப்பிடிச் சுவரின் மேல் எதையும் வைக்க மாட்டேன். ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் அதைவிட அகலமான தட்டு இருக்கும்; தட்டுகளைச் செங்கல் துண்டுகளின் மேல் உயர்த்தி வைத்து, தேங்கும் நீரை அன்றன்றே எடுத்துவிடுவேன். மழைநீர் போகும் குழாய்வாயைச் சுற்றி ஓரடி இடம் விட்டு, வாரந்தோறும் இலைகளை அகற்றுவேன். கீழ்த்தள விதானத்தில் ஈரம் தெரிந்தால் அன்றே தொட்டிகளை அகற்றிவிடுகிறேன்.”

தட்டைப் பற்றி அவர் தயங்கினார். நேரே தரையில் வைத்தால் என்ன என்றார். தரையோடு ஒட்டிய தட்டின் அடியில் ஈரம் காயாது, அது தரை ஓடுகளின் இணைப்புகள் வழியே கம்பிவரை இறங்கும். தட்டில் நிற்கும் நீரில் கொசு முட்டையிடும். தயவுசெய்து உயர்த்தி வைத்து, நீரை அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

சுவரோரம் வெயில் குறைவு என்பதால் தக்காளியை விட்டுவிட்டுப் புதினாவும் கீரையும் வைக்க அவர் ஒப்புக்கொண்டார். வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தின் கீழேயே, தொட்டிகளின் எண்ணிக்கை ஆறைத் தாண்டக் கூடாது என்று எழுதிக் கையொப்பமிட்டார்.