விளக்கு சிமிட்டிய வளைவு

பல ஆண்டுகளாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். அண்மைக்காலமாக என்னிடம் வரும் பதின்ம வயதினரில் பலர், கார் ஓட்டத் தெரியும் என்ற நம்பிக்கையோடுதான் முதல் நாளே அமர்கிறார்கள். ஸ்டீயரிங்கைத் தொடும் முன்பே கார்ப் பந்தய விளையாட்டுகளில் ஆயிரக்கணக்கான வளைவுகளைத் திரையில் கடந்தவர்கள் அவர்கள். அந்தத் திறமையை நான் குறைத்து மதிப்பதில்லை. அதில் ஒரு பகுதி ஈரச் சாலையில் எப்படி எதிராகத் திரும்புகிறது என்பதை ஒரு மாணவனிடம் நேரில் கண்டதால் இதை எழுதுகிறேன்.

அவனுக்கு 18 வயது. அன்று காரில் ஏறியதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "சார், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்கிற பொத்தான் எது?"

"எதற்கு அணைக்க வேண்டும், தம்பி?"

"விளையாட்டில் அதை அணைத்தால்தான் சுற்று நேரம் குறையும்."

கார் வழுக்கும்போது அதைத் தடத்தில் வைத்திருக்கத் தானாக உதவும் அமைப்பு அது. விளையாட்டில் அவன் சொன்னது உண்மைதான். அங்கே ஒரே வளைவை நூறு முறை ஓட்டலாம். தரையின் பிடிப்பு மாறாது. தவறினால் மறுபடி தொடங்கலாம். பொத்தானைத் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

நீண்ட வறட்சிக்குப் பிறகு பெய்த முதல் மழை அது. இத்தகைய மழையின் முதல் சில நிமிடங்கள்தான் எனக்கு மிகுந்த கவலை தருபவை. சாலையில் படிந்திருந்த எண்ணெய்ப் பசையும் தூசியும் டயர்த் துகளும் நீரோடு கலந்து வழுக்கும் படலமாகிவிடும். சற்று நேரம் பலத்த மழை பெய்தால்தான் அது கழுவிப்போகும்.

சுமார் 50 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்று வந்தது. 45-க்குக் குறைக்கச் சொன்னேன். அவன் கால் தயங்கியது, 60-இல் நுழைந்துவிட்டோம். அந்த வளைவில் 45 கிலோமீட்டர் வேகத்துக்குக் காரின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு பக்கவாட்டுப் பிடிப்புப் போதும். 60-க்குப் பாதிக்கும் மேல் வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினாலும் தேவைப்படும் பிடிப்பு ஏறக்குறைய இரு மடங்காகிவிடுகிறது. அந்த ஈரத்தில் டயர்களிடம் அவ்வளவு இருக்கவில்லை. காரின் முன்பக்கம் திரும்ப மறுத்து, சாலையின் நடுக்கோட்டை நோக்கி வழுக்கத் தொடங்கியது.

அவன் கைகள் பழகியதைச் செய்தன. ஸ்டீயரிங்கை மேலும் முறுக்கினான். கையடக்கக் கன்ட்ரோலரில் குச்சியை ஓரம்வரை தள்ளினாலும், பல விளையாட்டுகள் வேகத்துக்கு ஏற்பச் சக்கரத்தின் திருப்பத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். விளையாடுபவருக்கு அது தெரியவே தெரியாது. உண்மையான ஸ்டீயரிங்கில் அந்தச் சலுகை கிடையாது. முறுக்கிய அளவுக்குச் சக்கரம் திரும்பும். ஏற்கெனவே வழுக்கும் டயரை மேலும் திருப்பினால் அது தரையைப் பிடிக்காது, உரசிக்கொண்டு நேராகப் போகும்.

அடுத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். எஞ்சின் பதில் சொல்லவில்லை. "வண்டி நின்றுவிட்டதா?" என்று பதறினான். முன்னே இருந்த பலகையில், பின்னால் வளைந்த தடங்கள் கொண்ட கார் வடிவ விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. கீழே பிரேக் கடகடவென்று அதிர்ந்தது.

வண்டி நிற்கவில்லை. அவன் அணைக்க நினைத்த ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்தான் வேலை செய்துகொண்டிருந்தது. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை ஓர் உணரி அளக்கிறது. ஓட்டுநரின் விருப்பமாகக் கணினி எடுத்துக்கொள்வது அதைத்தான். கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதை இன்னோர் உணரி சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் எஞ்சின் விசையைக் குறைத்து, வளைவின் உட்பக்கப் பின்சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்தது. படகின் ஒரு பக்கத்துத் துடுப்பை நீரில் ஊன்றினால் முனை அந்தப் பக்கம் திரும்புமே, அப்படி. காரின் பின்பக்கம் வழுக்கியிருந்தால், பெரும்பாலும் வெளிப்பக்க முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும்.

"காலை எடு. ஸ்டீயரிங்கைச் சற்றே தளர்த்து. போக வேண்டிய இடத்தைப் பார்," என்றேன். என் கால் பயிற்சி பிரேக்கின் மேல் இருந்தது. அதற்குள் வேகம் இறங்கி, முன்டயர்கள் தரையைக் கவ்வின. நடுக்கோட்டுக்கு ஓர் அடி முன்னால் கார் தன் தடத்துக்குத் திரும்பியது.

ஓரமாக நிறுத்தச் சொன்னேன். "காப்பாற்றிவிட்டது, சார்," என்றான். இந்த நன்றியுணர்வு எனக்கு அச்சமூட்டியது. இந்த அமைப்பு புதிய பிடிப்பை உண்டாக்குவதில்லை. டயரும் சாலையும் தருவதைத்தான் நான்கு சக்கரங்களுக்குப் பங்கிடுகிறது. அதே வளைவில் 70-இல் நுழைந்திருந்தால் எடையில் முக்கால் பங்கு தேவைப்பட்டிருக்கும். அப்போதும் விளக்கு சிமிட்டியிருக்கும். கார் எதிர்த்தடத்தில் இருந்திருக்கும். தேய்ந்த டயரோ தேங்கிய நீரோ சேர்ந்தால் இன்னும் குறைந்த வேகத்திலேயே அது நடக்கும்.

விளக்கைப் பற்றியும் சொன்னேன். சிமிட்டினால் அமைப்பு அந்த நொடியில் வேலை செய்கிறது. வேகம் சாலைக்கு மிஞ்சிவிட்டது. விடாமல் எரிந்தால் பழுது, அல்லது யாரோ அணைத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரமும் மழை. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைவதை அவன் உற்றுப் பார்த்தான். அந்த வளைவுக்கு நன்கு முன்பே, நேர்ச்சாலையிலேயே, 45-க்கு இறங்கினான். வளைவு முழுவதும் விளக்கு இருண்டே இருந்தது. மறுமுனையில் வந்ததும், "டயரில் எவ்வளவு பள்ளம் மிச்சம் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது, சார்?" என்று கேட்டான். இறங்கி, மழையிலேயே குனிந்து காட்டினேன்.