‘ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க டாக்டர்’: எடுபடாத ஒரு கருத்தை எழுதிய விதம்

காய்ச்சலும் சோர்வுமாக வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் குளுக்கோஸ் ஏற்றத் தேவையில்லை என்பது எங்கள் ஊரில் எடுபடாத கருத்து. அதை இன்ஸ்டாகிராமில் ஏழு ஸ்லைடுகள் கொண்ட ஒரு கேரசலாக எழுத உட்கார்ந்தபோது, முதல் ஸ்லைடில் நான் வைத்த வாசகம் இது: “டிரிப் போட்டால் தெம்பு வரும் என்பது மூடநம்பிக்கை.” என் கிளினிக்கில் பணிபுரியும் செவிலியர் அதைப் படித்துவிட்டு, “போன மாசம் எங்கம்மாவுக்கு நீங்கதானே சார் ஏத்துனீங்க?” என்றார்.

அவர் அம்மா அன்று குடித்த தண்ணீரையெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்; காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. அவருக்கு டிரிப் தேவைப்பட்டது. ஆக, என் வாசகம் கடுமையாக இருந்தது மட்டுமன்றித் தவறாகவும் இருந்தது. “வாய்வழியாகக் குடித்து, குடித்ததை வயிற்றில் நிறுத்த முடிகிறவருக்கு டிரிப் தேவையில்லை என்பது என் கருத்து” என்று அதை மாற்றினேன். கருத்தின் எல்லையைச் சுருக்கியதும் தொனியும் தானாகவே தணிந்துவிட்டது.

இரண்டாவது ஸ்லைடில் எதிர்த்தரப்பின் அனுபவத்தை அப்படியே ஒப்புக்கொண்டேன். டிரிப் ஏற்றிக்கொண்டவர் எழுந்து போகும்போது தெம்பாக இருக்கிறார் என்பது உண்மை. நானே தினமும் பார்க்கிறேன். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் மின்விசிறிக்குக் கீழே படுத்து ஓய்வெடுத்திருக்கிறார், காய்ச்சலுக்கான மருந்தும் இதற்குள் வேலை செய்திருக்கிறது, பெரும்பாலும் மறுநாள் தானாகவே குறையவிருந்த காய்ச்சல்தான் அது. பாட்டிலுக்குள் வைட்டமின் ஊசியைக் கலந்தால் நீர் மஞ்சளாக மாறும்; அந்த நிறத்தைப் பார்த்தே பாதி நோய் போய்விட்டதாகச் சொல்பவர்களும் உண்டு.

கணக்கைச் சொல்லும் மூன்றாவது ஸ்லைடுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். 5 சதவீதக் குளுக்கோஸ் என்றால் 100 மில்லியில் 5 கிராம். 500 மில்லி பாட்டில் முழுவதிலும் 25 கிராம். அது ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை, அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் 100 கலோரியைத் தாண்டாது. இரண்டு இட்லி சாப்பிட்டாலே ஏறக்குறைய அவ்வளவு வந்துவிடும். நார்மல் சலைன் பாட்டிலிலோ ஆற்றலே கிடையாது. அதில் இருப்பது 4.5 கிராம் உப்பும் தண்ணீரும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமான முதியவருக்கு இந்த உப்புநீர் வேகமாக ஏறினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும் என்பதை அதே ஸ்லைடில் சிறிய எழுத்தில் சேர்த்தேன்.

‘நரம்பில் ஏற்றுவதுதான் பலம், குடிப்பது அதற்கு ஈடாகுமா?’ என்ற ஐயத்துக்கு 1971-ஆம் ஆண்டைத் துணைக்கு அழைத்தேன். வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கான சலைன் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்க ஏற்பாடு செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது, உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது என்பதே இதன் காரணம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் இருப்பதும் இந்தக் கூட்டணிதான். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரே டம்ளரில் கரைத்துவிட்டால் கரைசல் அடர்த்தியாகி வயிற்றுப்போக்கை மிகுதியாக்கும் என்பதால், அளவையும் அங்கேயே எழுதினேன்.

ஆறாவது ஸ்லைடு முழுவதையும் டிரிப் கட்டாயம் தேவைப்படும் நிலைகளுக்கு ஒதுக்கினேன்: நிற்காத வாந்தி, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, மயக்கம் அல்லது குழப்பம், கடும் வயிற்றுவலியுடன் வரும் டெங்கு. இது இல்லாமல் வெளியிட்டிருந்தால், என் பேச்சைக் கேட்டு யாராவது வீட்டிலேயே தங்கியிருப்பார்கள். மற்ற மருத்துவர்களைக் குறை கூறும் வரியை மட்டும் நீக்கிவிட்டேன். கேட்பவர்கள் இருப்பதால் ஏற்றுகிறோம், நானும் ஏற்றியிருக்கிறேன்.

வெளியிட்ட வாரத்தில் ஒருவர் தன் தாயை அழைத்து வந்தார். நாக்கு ஈரமாக இருந்தது, நாடி சீராக இருந்தது, வாந்தி இல்லை. கிளினிக்கிலேயே அரை லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலை ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தோம். அந்த அம்மா தானே எழுந்து கழிப்பறைக்குப் போய் வந்தார். மகன் கைப்பேசியில் என் ஸ்லைடுகளைக் காட்டி, “எல்லாம் படிச்சேன் டாக்டர், நியாயமாத்தான் இருக்கு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஒரு ஊசியாவது போட்டு அனுப்புங்களேன்?”